மூன்று கார்டுகளும் ஒரு நாள் வரம்பும்

வியாழக்கிழமை சாயங்காலம் வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து லதா போன் செய்தபோது அடைக்கலசாமி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக்கையோடு போனை எடுத்தால் மனைவி செலின் திட்டுவாள். அதனால் அவளையே எடுக்கச் சொல்லி, ஸ்பீக்கரில் போடச் சொன்னார். அதுதான் தப்பாய்ப் போயிற்று. கேட்கக்கூடாத சேதியை இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டார்கள்.

“பிரதர், திங்கட்கிழமையிலேர்ந்து மயூர் விஹார் பேஷண்டை வேற ஸ்டாஃப் பாத்துப்பாங்க. உங்களுக்கு ட்ராவல் ரொம்ப ஜாஸ்தி ஆகுது, அதான். மத்த நாலு விசிட் அப்படியே இருக்கும். டென்ஷன் ஆகாதீங்க.”

மயூர் விஹார் பேஷண்டாம்! ராஜாராமன் சாரைப் போய் யாராவது பேஷண்ட் என்பார்களா?

முப்பது வருஷப் பழக்கம் அது. மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பில் மேல் வீடு ராஜாராமன், கீழ் வீடு அடைக்கலசாமி. அவர் ஒரு அமைச்சகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துக்காரர். இவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாகர்கோவிலுக்குப் பக்கம். அவர்கள் வீட்டு வத்தக்குழம்பு கீழே இறங்கும். இவர்கள் வீட்டு கிறிஸ்துமஸ் முறுக்கு மேலே ஏறும். மீன் குழம்பு மட்டும் எங்கும் ஏறாது. ஆனால் அதன் வாசனை ஏறுவதை யார் தடுக்க முடியும்? ராஜாராமன் ஜன்னலைச் சாத்துவாரே தவிர, ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு குடும்பமும் ஒன்றாகக் கிளம்பும். ரிங் ரோடைச் சுற்றி வரும் முத்ரிகா பஸ்தான் அவர்களுடைய உல்லாச ரதம். டிசம்பர் மாசத்து வெயிலுக்கு ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. அடைக்கலசாமியின் பிள்ளைகள் ஜோபினும் அன்னாவும் ஒரு பக்கம், மேல்வீட்டுப் பையன் அனிருத் ஒரு பக்கம். கண்டக்டர் எச்சில் தொட்டுக் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டை எல்லாம் ராஜாராமன் வாங்கி அடுக்கி வைத்துக்கொள்வார். எந்த ஸ்டாப்பைத் தாண்டினால் டிக்கெட் விலை ஏறும் என்பது கண்டக்டரை விட அவருக்கு நன்றாகத் தெரியும். “எல்லாரும் எறங்குங்கோ, அடுத்த ஸ்டேஜ் வந்தா ரேட் ஏறிடும்” என்று இரண்டு குடும்பத்தையும் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறக்கிவிட்டு, தயிர்சாதத் தூக்கோடு நடத்திக் கூட்டிப்போவார். பிள்ளைகள் முணுமுணுக்கும். மிச்சம் பிடித்த காசில் வேர்க்கடலை வந்ததும் வாய் அடைத்துவிடும். என்ன சந்தோஷமான நாட்கள் அவை! கையில் காசு இல்லாத காலத்தில்தான் மனுஷனுக்கு அத்தனை சிரிப்பு வந்தது.

இப்போது அந்த வீட்டு வரிசையையே இடித்துவிட்டார்கள். அடைக்கலசாமியும் ஓய்வு பெற்று, ஏஜென்சி மூலம் வீடு வீடாகப் போய் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டு, மோதி பாக் கிராமத்துப் பக்கம் ஒரு மாடியில் வாடகைக்கு இருக்கிறார். ராஜாராமன் யமுனைக்கு அந்தப் பக்கம் மயூர் விஹாரில் ஃப்ளாட் வாங்கிப் போய்விட்டார். சர்க்கரை வியாதி அவர் வலது காலில் ஒரு புண்ணைக் கொண்டுவந்து வைத்து, நாலு மாசமாக ஆறுவேனா என்கிறது. தினமும் கட்டு மாற்ற வேண்டும். ஏஜென்சி லிஸ்டில் அந்தப் பெயரைப் பார்த்த அன்றைக்கு அடைக்கலசாமி, “இது என் கேஸ்” என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். அதைத்தான் இப்போது பிடுங்குகிறார்கள்.

“உங்களுக்கு மட்டும் எப்பிடிங்க ஒரு நாளைக்குப் போக்குவரத்துக்கு நூத்தறுவது ரூவா ஆவுது?” என்றாள் செலின், போனை வைத்துவிட்டு. “ஏஜென்சி தொண்ணூறுதான தருது? மத்த நர்ஸ் பிள்ளைகளுக்கு அது போதுமே.”

“அவங்க பொம்பளப் பிள்ளைக. அவங்களுக்கு பஸ் சும்மா, டிக்கெட்டு கெடையாது. எனக்கு யாரு சும்மா விடுவா? மெஷின் பிடிக்கத நான் குடுக்கேன்.”

விஷயம் இதுதான். நகரத்தில் இந்த வருஷம் சோதனையாக ஒரு புதுக் கட்டண முறை ஓடிக்கொண்டிருந்தது. பஸ், மெட்ரோ இரண்டுக்கும் ஒரே கார்டு, பழைய மெட்ரோ கார்டும் செல்லும். கிலோமீட்டர் கணக்கு போய் மண்டலக் கணக்கு வந்திருந்தது. நடு நகரம் ஒன்றாம் மண்டலம். யமுனைக்கு அப்பால் இரண்டாம் மண்டலம். ஒரே மண்டலத்துக்குள் ஏறி இறங்கினால் இருபது ரூபாய், மண்டலம் தாண்டினால் நாற்பது. ஏறும்போது மெஷினில் கார்டால் ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. அதோடு நாளுக்கு ஒரு உச்சவரம்பும் உண்டு. ஒன்றாம் மண்டலத்துக்குள்ளேயே சுற்றினால் அறுபது ரூபாய்க்கு மேல் அன்றைக்குப் பிடிக்காது. இரண்டு மண்டலமும் போனால் தொண்ணூறு. அந்தத் தொண்ணூறைத்தான் ஏஜென்சி எல்லோருக்கும் கொடுத்தது. அதற்கு மேல் ஒருத்தருக்கு ஆகவே ஆகாதே என்பது அவர்கள் வாதம்.

ஆனால் அடைக்கலசாமிக்கு ஆயிற்று. முதல் மாசம் நாளுக்கு நூற்றறுபது என்று எழுதிக் கொடுத்தார். லதா சிரித்துவிட்டு, “மெஷின் தொண்ணூறுக்கு மேல எடுக்காது பிரதர்” என்றாள். பொய் சொல்கிறவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு பஞ்சுருண்டை வீட்டுக்குக் கொண்டுபோகாத மனுஷனுக்கு எப்படி இருக்கும்? அதற்கப்புறம் அவர் எழுதவே இல்லை. தினம் எழுபது ரூபாயைத் தன் பையிலிருந்தே போட்டார். ஒருநாள் கட்டு மாற்றும்போது வாய் தவறி ராஜாராமனிடம் சொல்லிவிட்டதோடு சரி.

“நாளைக்கு முதல் வேலையா ஸ்டேஷன் கவுன்டர்ல போயி கேளுங்க” என்றாள் செலின். “ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிரும்.”

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மோதி பாக் மெட்ரோ ஸ்டேஷனின் கார்டு உதவிக் கவுன்டரில் அடைக்கலசாமிதான் முதல் ஆள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். சட்டையில் பிரியதர்ஷினி என்று பெயர்ப் பட்டை. இந்தியில் ஆரம்பித்தவர், பெயரைப் பார்த்ததும் தமிழுக்குத் தாவினார்.

“மக்ளே, நீ தமிழா?”

“ஆமா அங்கிள். ஆனா என் தமிழ் தோடா வீக். மெதுவா சொல்லுங்க.”

அவர் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார். எழுபது ரூபாய்க் கோபம் கொட்டிவிட்டது. உங்கள் மெஷின் திருட்டு மெஷின், வரம்பும் கிடையாது ஒரு வெங்காயமும் கிடையாது என்று முடித்தார். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. அதற்கே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

“அச்சா. நேத்து எங்கெங்க போனீங்க, சொல்லுங்க.”

“வீட்லேருந்து சாணக்யபுரி, பஸ்ஸு. அங்கேருந்து கோல் மார்க்கெட், அதும் பஸ்ஸு. கோல் மார்க்கெட்டு டு கரோல் பாக். கரோல் பாக் டு மந்திர் மார்க். எல்லாம் பஸ்ஸுதான். பெறவு ஆர்.கே. ஆசிரமம் ஸ்டேஷன்ல ஏறி மயூர் விஹாரு. அங்கேருந்து பிங்க் லைன்ல இஞ்ச.”

அவள் விரல் விட்டு எண்ணினாள். “நாலு பஸ், ஒரே ஸோன், நாலு இருபது எண்பது. ரெண்டு மெட்ரோ, ரெண்டு ஸோன், எண்பது. கேப், அதான் அந்த வரம்பு, இல்லாட்டி நூத்தறுபது. கேப் இருந்தா தொண்ணூறு. நீங்க சொல்றது சரிதான். கார்டு குடுங்க, பாக்கறேன்.”

அடைக்கலசாமி சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். ஒன்று அல்ல, மூன்று.

பிரியதர்ஷினி மூன்றையும் பார்த்தாள். ஒன்றில் மார்க்கர் பேனாவால் ‘ஜோபின்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கிரிக்கெட் மட்டை போட்டிருந்தது. இன்னொன்றில் ‘அன்னா – தொடாதே’. மூன்றாவதில் ஒன்றும் இல்லை.

“இது யாரோட கார்டு அங்கிள்?”

“பிள்ளைகளுக்கதுதான். பய நர்சிங் படிக்கப் போகும்போ வாங்குனது. இப்ப அயர்லாந்துல இருக்கான். மவ காலேஜுக்குப் போன கார்டு அது. கெட்டிக் குடுத்தாச்சு, பெங்களூருல இருக்கா. போகும்போ ரெண்டும் வீட்டுல வச்சிட்டுப் போச்சுது.”

“யூஸ் பண்றது?”

“நான்தான். காலைல ரெண்டு ட்ரிப்பு ஜோபினுக்க கார்டு. அடுத்த ரெண்டு அன்னாக்க கார்டு. மெட்ரோவுக்கு எனக்கது.” கொஞ்சம் நிறுத்தி, வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டார். “ரெண்டு பிள்ளைகளுக்கும் பாரபட்சம் வரப்பிடாது பாத்தியா. நான்தான் காசும் போடுதேன், பாக்கெட் மணி குடுக்க மாதிரி.”

செலினுக்குக்கூடத் தெரியாத பழக்கம் அது. காலையில் பஸ் ஏறி ஜோபின் கார்டைத் தட்டும்போது, பையன் இன்னும் தூக்கக் கலக்கத்தோடு பின்னால் ஏறி வருகிற மாதிரி இருக்கும். கரோல் பாக்கில் அன்னாவின் கார்டு கீச்சென்று சத்தம் போடும்போது, ‘அப்பா, நான் எறங்கிட்டேன்’ என்று அவள் போன் பண்ணுகிற மாதிரி இருக்கும். பைத்தியக்காரத்தனம்தான். வீடு காலியான அப்பன்மார் எத்தனையோ பைத்தியக்காரத்தனம் செய்கிறார்கள். இவர் செய்தது இது.

பிரியதர்ஷினி கம்ப்யூட்டரில் மூன்றையும் வைத்துப் பார்த்தாள். திரையைத் திருப்பி அவருக்குக் காட்டினாள்.

“அங்கிள், மெஷின் ஆளைப் பாக்காது, கார்டைத்தான் பாக்கும். ஒவ்வொரு கார்டும் அதுக்கு ஒரு தனி ஆள். ஜோபின் நேத்து ரெண்டு ட்ரிப், நாப்பது ரூபா. கேப் அறுபது. தொடவே இல்ல. அன்னா ரெண்டு ட்ரிப், நாப்பது. தொடல. நீங்க ரெண்டு மெட்ரோ, எண்பது. உங்க கேப் தொண்ணூறு. நீங்களும் தொடல. மூணு பேர் போனதா மெஷின் நெனச்சிருக்கு. மூணு பேருக்கும் சரியாத்தான் எடுத்திருக்கு.”

அடைக்கலசாமி திரையையும் கார்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு மாசம்! தன் பிள்ளைகளை இரண்டு பக்கமும் கூட்டிக்கொண்டு போன மாதிரி போனதற்கு, மெஷினும் மூன்று பேருக்கு டிக்கெட் போட்டிருக்கிறது. சிரிப்பதா அழுவதா?

“பழைய காசு திரும்பக் கெடைக்குமா?”

“மாட்டாங்க அங்கிள். மெஷின்மேல தப்பு இல்ல. ஆனா இன்னிக்கிலேர்ந்து நாள் பூரா ஒரே கார்டு வச்சா போதும். மூணாவது பஸ்ல அறுபது வந்துடும். நாலாவது ஜீரோ. அப்புறம் ஸோன் ரெண்டுக்குப் போறப்ப உங்க கேப் அறுபதுலேர்ந்து தொண்ணூறா ஏறும். நாப்பது எடுக்காது, மீதி முப்பதுதான் எடுக்கும். திரும்பி வர்றது ஜீரோ. எறங்கறப்ப தட்ட மட்டும் மறக்காதீங்க, மறந்தா எங்க எறங்கினீங்கன்னு தெரியாம ஃபைன் மாதிரி போட்டுடும்.”

“இந்த மூணையும் ஒண்ணாச் சேக்க முடியாதா? எல்லாம் எங்க வீட்டுக் கார்டுன்னு?”

“சேக்க முடியாது. பேலன்ஸை உங்க கார்டுக்கு மாத்திட்டு, இது ரெண்டையும் க்ளோஸ் பண்ணலாம். பண்ணட்டுமா? ஜல்தி முடிஞ்சிடும்.”

ஜல்தி முடிந்துவிடும் என்கிறாள், பாவம். அவளுக்கு என்ன தெரியும்? க்ளோஸ் பண்ண வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. வீட்டில் வைத்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துப் போகலாம். ஆனால் அடைக்கலசாமிக்குத் தன்னைத் தெரியும். பையில் இருந்தால் கை அதைத்தான் தேடும். நாளைக்கு மறுபடியும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்புறம் ராஜாராமன் சார் கைவிட்டுப் போவார்.

இரண்டு பேரும் எங்கேயோ நன்றாகத்தான் இருக்கிறார்கள். வாராவாரம் வீடியோவில் சிரிக்கிறார்கள். காலில் புண்ணோடு உட்கார்ந்திருக்கிறவர் ஒருத்தர்தான்.

“மாத்திரு மக்ளே” என்றார்.

இரண்டு நிமிஷத்தில் ஜோபினின் இருநூற்றிச் சொச்சமும் அன்னாவின் நூற்றிச் சொச்சமும் அவர் கார்டுக்கு வந்து சேர்ந்தன. செத்துப்போன கார்டுகளைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று அவள் கேட்டபோது, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தார். நின்றால் கேட்டு வாங்கிவிடுவார், அதுதான் அந்த வேகம்.

அன்றைக்கு ஒரே கார்டு. சாணக்யபுரியில் ஒரு அம்மாளுக்கு ஊசி. இருபது ரூபாய். கோல் மார்க்கெட்டில் ஒரு தாத்தாவுக்குக் கதீட்டர் குழாய் மாற்றல். இன்னொரு இருபது. கரோல் பாக்கில் இறங்கத் தட்டியபோது மூன்றாவது இருபது, ஆக மொத்தம் அறுபது. மந்திர் மார்க் பக்கத்தில் இறங்கும்போது அவர் நெஞ்சு படபடத்தது என்றால் நம்புவீர்களா? ஒரு இருபது ரூபாய்க்கு! கார்டை வைத்தார். திரையில் பூஜ்யம்.

“அரே பையா, ஜல்தி!” என்று பின்னாலிருந்து ஒருத்தன் முதுகில் கை வைத்தான். தள்ளுகிறவன் தள்ளட்டும். அடைக்கலசாமி இன்னொரு தடவை அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

ஆர்.கே. ஆசிரமத்தில் மெட்ரோ ஏறி, யமுனையைத் தாண்டி, மயூர் விஹாரில் வெளியே வந்தபோது கேட் முப்பது ரூபாய் எடுத்துக்கொண்டது. அந்தப் பெண் சொன்ன மாதிரியே, ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இனி ராத்திரி வரை தொண்ணூறுதான்.

ராஜாராமன் பால்கனியோரம் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மாமி அனந்தலக்ஷ்மி கோவிலுக்குப் போயிருந்தாள். அடைக்கலசாமி கையைக் கழுவிவிட்டு வந்து, கட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். மெஷின், மூன்று கார்டு, மூன்று ஆள், அறுபது, தொண்ணூறு என்று ஒரே மூச்சில் சொன்னார். பிள்ளைகளின் கார்டை மூடியதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

“இன்னா பாருங்க சார், இன்னைக்குக் கணக்கு.” போனில் கார்டின் பயணப் பட்டியலைக் காட்டினார். “திங்கக்கிழமை ஒருத்தரும் வர வேண்டாம். லதாகிட்ட நான் பேசுதேன். எனக்கு இனி கைக்காசு ஒண்ணும் போவாது.”

ராஜாராமன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். ஆபீஸ் ஃபைலில் நோட் ஷீட் பார்க்கிற அதே பார்வை.

“மத்தியானம் முப்பது எடுத்திருக்கே. அப்போ என்னைப் பாக்க வர்றது மட்டும் முப்பது ரூபா.”

“அது ஏஜென்சி தரும். தொண்ணூறுக்குள்ள வந்திருது.”

“ம்.” போனைத் திருப்பிக் கொடுத்தார். வெளியே பார்த்தார். “அடைக்கலம், லதாகிட்ட நீ பேச வேண்டாம். ஆளை மாத்தச் சொன்னது ஏஜென்சி இல்ல. நான்தான்.”

கிளவுஸைப் போட்டுக்கொண்டு பஞ்சை எடுத்திருந்த அடைக்கலசாமி அதைக் கீழே வைத்தார்.

“நீங்களா?”

“தினம் எழுபது ரூபா கையிலேர்ந்து போடறேன்னு நீதானே சொன்னே? மாசத்துக்குக் கணக்குப் போட்டுப் பாத்தேன். ரெண்டாயிரத்து நூறு. வாடகை வீட்டுல இருக்கறவன் நீ. நான் குடுத்தா வாங்கிக்க மாட்டே. வேற என்ன பண்றது?”

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா சார்?” அடைக்கலசாமிக்கு மூக்கு விடைத்தது. “முப்பது வருஷம்! ஒரு வார்த்த! லதா போன்ல சொல்லுதா, நான் மீன கையில வச்சுகிட்டு நிக்கேன். ராத்திரி முச்சூடும் ஒறக்கம் இல்ல. என் பிள்ளைகளுக்க கார்ட சாவக் குடுத்துட்டு வந்து நிக்கேன் உங்களுக்காக. நீங்க என்னடான்னா...”

கோபத்தில் தொடங்கியது, கண்ணில் வந்து முடிந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டார். புறங்கையில் கிளவுஸ். அதையும் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட்டுக்கொண்டார். கோபம் வந்தாலும் புண் புண்தானே.

ராஜாராமன் கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம், ஃபைலில் சிபாரிசு எழுதுகிற ஆபீசர் குரல் போய், வேறு ஒரு குரலில் சொன்னார்.

“சொல்லிட்டேனே தவிர, அன்னிலேர்ந்து எனக்கும் தூக்கம் இல்லடா. அனிருத் கலிஃபோர்னியாலேர்ந்து போன் பண்ணி, ‘யார் அப்பா டிரெஸ்ஸிங் பண்றா’ன்னு கேட்டா, கீழாத்து அங்கிள் வரார்னு சொல்வேன். அவன் உடனே ‘சரி, அப்போ கவலை இல்ல’ன்னு வெச்சுடுவான். இனிமே என்னத்தைச் சொல்றதுன்னு யோசிச்சிண்டே கெடந்தேன். நீ வராத நாள் எனக்கு நாளே இல்ல.”

“பெறவு என்னத்துக்கு சொன்னீங்க?”

“உனக்குப் பாரமாயிடக் கூடாதேன்னு.”

“பாரமா? பாரமாம்!” அடைக்கலசாமி கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார். கை என்னவோ பூவைத் தொடுகிற மாதிரிதான் போயிற்று, வாய்தான் ஓயவில்லை. “பாரம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? மேல் வீட்டுல இருந்துட்டு ஒரு தடவ கூட கீழ எறங்கி வந்து மீனு மணக்குதுன்னு சண்ட போடாத மனுசன், இப்ப வந்து பாரமாம்.”

ராஜாராமன் சிரித்துவிட்டார். சிரித்தபடியே போனை எடுத்து, நம்பரைத் தேடி, ஏஜென்சிக்கு அடித்தார். லதா எடுத்தாள். ஸ்பீக்கரில் போட வேண்டிய அவசியமே இல்லை, அவர் குரல் அடுத்த ஃப்ளாட் வரை கேட்கும்.

“ராஜாராமன் பேசறேன். மயூர் விஹார். திங்கக்கிழமை வர்ற பொண்ணை கேன்சல் பண்ணிடுங்கோ. ஆமாம், நான்தான் கேட்டேன். இப்போ நானேதான் வேண்டாங்கறேன். பழைய ஆளே வரட்டும்.”

லதா ஏதோ சொன்னாள். ராஜாராமன் நெற்றியைச் சுருக்கினார்.

“காரணம் எழுதணுமா? ஃபார்ம்ல என்ன இருக்கு?... பேஷண்ட்டுக்கும் ஸ்டாஃபுக்கும் ஏதாவது உறவு இருக்கான்னு கேக்கறதா? இருக்குன்னு போடுங்கோ.”

அந்தப் பக்கம் மறுபடியும் ஒரு கேள்வி.

“தம்பின்னு எழுதிக்கோங்கோ” என்றார் ராஜாராமன். “பேர் அடைக்கலசாமி. ஆமாம்மா, அதே அடைக்கலசாமிதான். கூடப் பொறந்தவன்.”

அடைக்கலசாமி நிமிரவில்லை. புண்ணில் மருந்தை வைத்து, மேலே பஞ்சை வைத்து, கட்டின் முனையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்தார்.

“காலை ஆட்டாதீங்க அண்ணா” என்றார்.